மூன்று வெள்ளைச் சட்டையும் இரண்டு கறுப்புக் காற்சட்டையும்
விடுதி வரவேற்பு மேசையில் பணிபுரியப் போகும் பிள்ளைகளுக்கான உடை ஏற்பாடு

தோட்டத்துப் பிள்ளைகளுள் சிலர் பள்ளிப் படிப்பையோ பயிற்சியையோ முடித்துவிட்டு, அருகிலுள்ள பட்டணத்துத் தங்கும் விடுதிகளின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேருகின்றனர். பெரிய விடுதிகள் தங்கள் பணியாளர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்துவிடும். ஆனால், சிறிய விடுதிகளில் பலவும் பயிற்சிக் காலத்தில் சீருடை தருவதில்லை. “வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, மூடிய கறுப்புக் காலணி அணிந்து வாருங்கள்” என்று கூறிவிடுவார்கள். கேட்பதற்கு இது எளிதாகத் தோன்றும். ஆயினும் வேலையில் சேரும் நாளுக்கும் முதற்சம்பளம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கிறது. ஆகவே, இந்த உடைகளுக்கான பணம் பிள்ளையின் சம்பளத்திலிருந்து வராது. வீட்டிலுள்ள பெற்றோரின் சம்பளத்திலிருந்தே வரவேண்டும்.

அந்தப் பணத்தை எவ்வாறு செலவிட்டால் குறைந்த தொகையில் நாள்தோறும் ஒரே விதமான துப்புரவான தோற்றம் கிடைக்கும் என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது. இங்கே ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இளைஞர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

வாங்குவதற்கு முன் கேட்கவேண்டியவை

கடைக்குச் செல்லுமுன் விடுதி அலுவலகத்தில் நான்கு செய்திகளைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். காற்சட்டைதான் அணியவேண்டுமா, பாவாடையோ பாஜு கூரோங்கோ அணியலாமா என்பது முதலாவது. சட்டையின் கை முழுக்கையாக இருக்கவேண்டுமா, அரைக்கை போதுமா என்பது இரண்டாவது. சட்டைக்கு மேல் அணியும் கோட்டை விடுதியே தருகிறதா என்பது மூன்றாவது. சீருடை எப்போது கிடைக்கும் என்பது நான்காவது.

இவற்றுள் மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. விடுதி கறுப்புக் கோட்டுத் தருவதாயின், அதனோடு நாம் வாங்கும் கறுப்புக் காற்சட்டை ஒத்துப்போக வேண்டும். கறுப்பு என்பது ஒரே நிறமன்று. ஒரு துணியின் கறுப்பில் நீலச் சாயலும், மற்றொன்றில் சிவப்பு அல்லது பச்சைச் சாயலும் இருக்கும். கடைக்குள் எரியும் விளக்கில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. கோட்டும் காற்சட்டையும் ஒரே உடலில் மேலும் கீழுமாக அமையும்போது அது தெளிவாகத் தெரிந்துவிடும். ஆகையால், கோட்டை முதலில் பெற்றுக்கொண்டு, அதனையே கடைக்கு எடுத்துச் சென்று, இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதே சரியான முறையாகும்.

எத்தனை உடைகள் வேண்டும்?

வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் ஆறு உடைகள் வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. உடைகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது வேலை நாள் அன்று. துணி துவைத்து உலர்வதற்கு ஆகும் நேரமே அதனை முடிவு செய்கிறது.

வரவேற்பு மேசை இரவும் பகலும் திறந்திருக்கும். ஆகவே வேலை பெரும்பாலும் மூன்று முறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: காலை 7 மணி முதல் பிற்பகல் 3 வரை, 3 முதல் இரவு 11 வரை, 11 முதல் மறுநாள் காலை 7 வரை. சில வாரங்களில் இரவு 11 மணிக்கு வேலை முடித்தவர் மறுநாள் காலை 7 மணிக்கே மீண்டும் வரவேண்டியிருக்கும். இடையில் இருப்பது எட்டு மணி நேரமே. அதற்குள் வீடு திரும்பித் துவைத்த சட்டை, மழைக்காலத்து இரவில் உலரவே உலராது.

இரண்டு சட்டைகள் மட்டும் இருந்தால், ஒன்று உடலிலும் மற்றொன்று கொடியிலும் இருக்கும். ஒரு நாள் விடாமழை பெய்துவிட்டால் ஈரச்சட்டையை இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தி அணியவேண்டிய நிலை ஏற்படும். அவ்வாறு பாதி உலர்ந்த சட்டையிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் முடைநாற்றம் வீசத் தொடங்கும். மூன்று சட்டைகள் இருந்தால் ஒன்று உடலில், ஒன்று கொடியில், ஒன்று இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கும். மூன்றாவது சட்டை மழைக்காகவும் முறை மாறும் நாளுக்காகவும் வைத்துக்கொள்ளும் சட்டையாகும். நான்காவது சட்டைக்குத் தேவை ஏற்படுவதில்லை.

காற்சட்டை சட்டையைப்போல் வியர்வையை அவ்வளவாக ஏற்பதில்லை. ஆகவே இரண்டு போதும். ஒன்றை ஒருநாளும் மற்றதை மறுநாளும் மாற்றி மாற்றி அணியவேண்டும். ஒன்றை நல்ல நாளுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதையே அணிந்துகொண்டிருந்தால், மூன்று மாதத்தில் ஒன்று வெளுத்தும் மற்றது புதிதாகவும் இருக்கும். இரண்டும் ஒன்றாகவே பழையதாகவேண்டும்.

சட்டையைத் தெரிவு செய்யும் முறை

மூன்று சட்டைகளும் ஒரே கடையில், ஒரே வகையில், ஒரே அளவில் வாங்கப்படவேண்டும். இதில் மூன்று நன்மைகள் உண்டு. ஒன்றை அணிந்து பார்த்தால் மூன்றையும் அணிந்து பார்த்ததற்குச் சமம். ஒன்றில் பொத்தான் அறுந்து தொலைந்தால் மற்றொன்றின் உதிரிப் பொத்தான் உதவும். மூன்றையும் ஒரே முறையில் துவைத்து ஒரே சூட்டில் இஸ்திரி போடலாம்.

துணியைப் பொறுத்தவரையில், முழுப் பருத்தி உடலுக்குக் குளிர்ச்சி தரும். ஆனால் பேருந்தில் அரைமணி நேரம் அமர்ந்து சென்றாலே கசங்கிவிடும். முழுப் பாலியெஸ்டர் கசங்காது; ஆனால் காற்றை விடாது, வியர்வை நாற்றத்தையும் கழுத்துப்பட்டை அழுக்கையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே 65 விழுக்காடு பாலியெஸ்டரும் 35 விழுக்காடு பருத்தியும் கலந்த துணி இவ்வேலைக்கு ஏற்றது. சட்டையின் உட்புறத்துச் சீட்டில் இக்கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். சீட்டு இல்லாவிடில் துணியின் ஓரத்தைக் கைக்குள் இறுக்கிப் பத்து எண்ணும் வரை பிடித்திருந்து விடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால் அத்துணி வேலைக்கு உதவாது.

அடுத்து, சட்டைக்குள் கையை நுழைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். விரல்களின் கோடு தெளிவாகத் தெரிந்தால் உள்ளாடையும் அவ்வாறே வெளியில் தெரியும். வெள்ளைச் சட்டைக்கு உள்ளே வெள்ளை உள்ளாடை அணிந்தால் தெரியாது என்று நினைப்பது தவறு. தோலின் நிறத்திற்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடே கோடாகத் தெரிகிறது. தம் தோலின் நிறத்தை ஒத்த பழுப்பு உள்ளாடைதான் வெளியில் தெரியாமலிருக்கும்.

அளவு சரியா என்பதைக் கண்ணாடி முன் நேராக நின்று முடிவு செய்யக்கூடாது. வரவேற்பு மேசையில் இருப்பவர் நாள் முழுவதும் கையை முன்னால் நீட்டிப் படிவம் கொடுப்பார், சாவி வாங்குவார், குனிந்து எழுதுவார். ஆகவே கடையிலேயே ஒரு நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளையும் முன்னே நீட்டிப் பாருங்கள். மார்புப் பொத்தான்களுக்கு இடையே வாய் திறந்தால் அடுத்த அளவை எடுக்கவேண்டும். பின்னர் எழுந்து நின்று கைகளைத் தலைக்குமேல் உயர்த்துங்கள். சட்டையின் விளிம்பு இடுப்பைவிட்டு வெளியே வந்துவிட்டால் அது நீளம் போதாத சட்டை. தோள் தையல், தோள் எலும்பின் முனையில் நிற்கவேண்டும். இடுப்பில் சிறிது தொளதொளவென்று இருந்தால் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். தோளைப் பிடித்துத் தைப்பது எளிதன்று.

பெயர் அட்டையை ஊசியால் குத்தும் இடத்தில் சில வாரங்களில் துணி கிழிந்து துளை விழும். புதிய சட்டையிலேயே இடது மார்பின் உட்புறத்தில் இரண்டு விரல் அகலத்திற்கு ஒரு வெள்ளைத் துணித் துண்டை வைத்துத் தைத்துவிட்டால், ஊசி இரண்டு மடிப்பைக் குத்தும், சட்டை கிழியாது.

காற்சட்டையைத் தைத்துக்கொள்வதே இலாபம்

ஆயத்தமாகத் தைத்து விற்கும் கறுப்புக் காற்சட்டைகளுள் மலிவானவை பெரும்பாலும் மெல்லிய துணியாலானவை. நாள்தோறும் அமர்ந்தெழும்போது முழங்கால் பகுதி புடைத்துப் பை போலாகிவிடும். தோட்டத்திலோ பட்டணத்திலோ அறிமுகமான தையற்காரர் இருப்பாராயின் துணி எடுத்துத் தைத்துக்கொள்வது நல்லது. பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த, காற்சட்டைக்கென்றே நெய்யப்படும் துணியைக் கேட்டு வாங்கவேண்டும். பருத்திக் கறுப்பு சில துவைப்புகளிலேயே சாம்பல் நிறமாகிவிடும். இத்துணி அவ்வளவு விரைவில் வெளுக்காது.

துணியின் அகலம் 60 அங்குலமாக இருந்தால், நடுத்தர உயரமுள்ள பெண்ணுக்கு இரண்டு காற்சட்டைகளுக்கு 2½ மீட்டர் போதும். இரண்டிற்கும் உரிய துணியை ஒரே சுருளிலிருந்து ஒரே முறையில் வெட்டி வாங்கவேண்டும். அடுத்த மாதம் வந்து வாங்கினால் வேறு சாயத்தொட்டியில் தோய்ந்த துணி கிடைக்கக்கூடும். அதன் கறுப்பு வேறாக இருக்கும். தையற்காரரிடம் கால் விளிம்பில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து விடும்படி கூறுங்கள். நீளம் அளக்கும்போது வேலைக்கு அணியப்போகும் காலணியையே அணிந்திருக்கவேண்டும். வெறுங்காலில் அளந்தால், காலணி அணிந்ததும் காற்சட்டை குட்டையாகிவிடும்.

காலணி

எட்டு மணி நேர வேலையில் பெரும்பகுதி நின்றுகொண்டே கழியும். ஆகவே முன்புறம் மூடியதாகவும், குதிகால் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை உயர்ந்ததாகவும் உள்ள கறுப்புக் காலணி ஏற்றது. காலணியைக் காலையில் வாங்கக்கூடாது, மாலையில் வாங்கவேண்டும். நாள் முழுவதும் நடந்த கால் மாலையில் சற்றே வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குப் பொருந்துவதே வேலை முடியும் நேரத்திலும் பொருந்தும்.

மலிவு விலைக்குக் கிடைக்கிறதென்று நெடுநாள் கடையில் கிடந்த காலணியை வாங்குவதும், ஒன்றை வாங்கிப் பெட்டியிலேயே பூட்டி வைப்பதும் நட்டத்தில் முடியும். பாலியூரித்தேன் என்னும் பொருளாலான அடிப்பகுதி, நம் நாட்டின் ஈரக்காற்றில் அணியாமல் வைத்திருந்தாலும் சிதைந்துபோகும். புதிதாகத் தோன்றும் காலணியை அணிந்து நடந்த முதல் நாளிலேயே அடி பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுவதற்கு இதுவே காரணம். வாங்கும்போது அடிப்பகுதியை இரு கைகளாலும் வளைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் அக்காலணியோடு நடக்கவேண்டாம். பேருந்து நிற்குமிடம் வரையில் சிலிப்பர் அணிந்து சென்று, விடுதியின் பணியாளர் அறையில் காலணியை மாற்றிக்கொள்ளலாம். காற்சட்டையின் விளிம்பையும் அதுவரை மடித்து விட்டுக்கொள்வது நன்று.

தோட்ட வீட்டில் துவைக்கும்போது

வாங்கிய உடை எவ்வளவு காலம் புதியதுபோல் இருக்கும் என்பது துவைப்பதைப் பொறுத்தது. இதில் தோட்டத்து வீடுகளுக்கே உரிய இரண்டு இடர்கள் உள்ளன.

முதலாவது, இரப்பர்ப் பால். பால்மரம் வெட்டச் சென்றவரின் உடையோடு வேலைச் சட்டையை ஒரே வாளியில் ஊறவைக்கக்கூடாது. உடையில் ஒட்டியிருக்கும் பால் மற்றத் துணியில் பட்டு உறைந்துவிட்டால் அதனைச் சவர்க்காரத்தால் போக்க இயலாது. நாளடைவில் அந்த இடம் பழுப்பேறிக் கறையாக நின்றுவிடும். வேலைச் சட்டைக்கென்று தனி வாளியும் தனிக் கொடியும் வைத்துக்கொள்ளவேண்டும். தவறிப் பால் பட்டுவிட்டால், அது உலருமுன்பே குளிர்ந்த நீரில் அலசிவிடவேண்டும். வெந்நீர் ஊற்றக்கூடாது.

இரண்டாவது, கிணற்று நீரிலும் ஆற்று நீரிலும் கலந்துள்ள இரும்புச் சத்து. வாளியில் பிடித்து வைத்த நீர் மறுநாள் மஞ்சளாகிச் செம்படிவு தங்கினால், அந்நீரில் இரும்பு உள்ளதென்று அறிந்துகொள்ளலாம். அவ்வாறான நீரில் புட்டியில் விற்கும் குளோரின் வெளுப்பு நீரை ஊற்றினால் சட்டை வெளுக்காது. நீரிலுள்ள இரும்பு துருவாக மாறித் துணியில் படிந்து மஞ்சளாகிவிடும். வியர்வை படிந்த அக்குள் பகுதியும் அந்த வெளுப்பு நீரால் மேலும் மஞ்சளாகும். அதற்குப் பதிலாக, சட்டையைக் கழற்றிய அன்றே கழுத்துப்பட்டையிலும் அக்குளிலும் கட்டிச் சவர்க்காரத்தைத் தேய்த்து, அரைமணி நேரம் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து அலசினால் போதும். அன்றைய அழுக்கு அன்றே எளிதில் போகும்; மூன்று நாள் கிடந்த அழுக்கைப் போக்கத்தான் வெளுப்பு நீரைத் தேடவேண்டியிருக்கிறது. நல்ல குழாய் நீர் கிடைக்கும் வீடுகளில் வெள்ளைச் சட்டைகளுக்கு அதனையே பயன்படுத்துவது சிறந்தது.

நீலம் போடும் வழக்கமுள்ளவர்கள் மூன்று சட்டைகளுக்கும் ஒரே நாளில், ஒரே வாளியில், ஒரே அளவாகப் போடவேண்டும். வேறு வேறு நாளில் கையளவாகப் போட்டால் மூன்று சட்டைகளும் மூன்று வெள்ளையாகிவிடும்.

கறுப்புக் காற்சட்டைகள் இரண்டையும் உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி, குளிர்ந்த நீரில் ஒன்றாகத் துவைத்து, நிழலில் உலர்த்தவேண்டும். இஸ்திரி போடும்போதும் உட்புறமே மேலிருக்கவேண்டும். முன்மடிப்பு எடுப்பதற்காக வெளிப்புறத்தில் போடவேண்டியிருந்தால், ஈரம் பிழிந்த மெல்லிய துணியை மேலே விரித்து மிதமான சூட்டில் அழுத்துங்கள். இஸ்திரிப் பெட்டி நேராகப் பட்டால் பாலியெஸ்டர் இழைகள் சூட்டில் தட்டையாகி, அந்த இடம் பளபளக்கத் தொடங்கும். தொடையிலும் இருக்கைப் பகுதியிலும் தோன்றும் இப்பளபளப்பு பின்னர் எத்தனை முறை துவைத்தாலும் நீங்காது.

செலவுக் கணக்கு

ஒரு தோட்டத்துப் பெண் பட்டணத்து விடுதியில் சேருவதாகக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறுபடும். நடுத்தரமான விலைகளாக இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

வெள்ளைச் சட்டை ஒன்று 35 வெள்ளி வீதம் மூன்றிற்கு 105 வெள்ளி. காற்சட்டைத் துணி மீட்டர் 16 வெள்ளி வீதம் 2½ மீட்டருக்கு 40 வெள்ளி. தையற்கூலி ஒன்றுக்கு 35 வீதம் இரண்டிற்கு 70 வெள்ளி. காலணி 65 வெள்ளி. தோல் நிற உள்ளாடை இரண்டு 24 வெள்ளி. கூந்தல் வலை, கொண்டை ஊசி, நூல், பொத்தான் ஆகியவற்றிற்கு 11 வெள்ளி. ஆக மொத்தம் 315 வெள்ளி.

நாளொரு உடையாக ஆறு சட்டைகளும் 50 வெள்ளி விலையுள்ள ஆறு காற்சட்டைகளும் வாங்கியிருந்தால், உடைக்கு மட்டுமே 510 வெள்ளி ஆகியிருக்கும். 2025-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அக்கணக்கின்படி முதலில் கூறிய தொகை ஒரு மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. மற்றது உடை அளவிலேயே பத்தில் மூன்று பங்கு.

இந்த 315 வெள்ளியையும் ஒரே நாளில் செலவிட இயலாத குடும்பங்களும் உண்டு. அத்தகையோர் முதலில் இரண்டு சட்டை, ஒரு காற்சட்டை, காலணி, உள்ளாடை ஆகியவற்றை வாங்கலாம். ஆனால் இரண்டாவது காற்சட்டைக்குரிய துணியை முதல் துணியோடு சேர்த்தே எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். தையற்கூலியைப் பின்னர் கொடுக்கலாம். அதே கறுப்புத் துணி பின்னர் கிடைப்பது உறுதியன்று. விடுதி இரண்டு மாதத்தில் சீருடை தருவதாக இருந்தால் மூன்றாவது சட்டையையும் தவிர்த்துவிடலாம். அவ்வாறாயின், முறை மாறும் நாட்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, முதல் நாளே ஒரு சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருப்பது அவசியம்.

இளைஞராயின் உள்ளாடைச் செலவுக்குப் பதில் கறுப்புக் கச்சையும் மூன்று இணைக் கறுப்புக் காலுறையும் சேரும். காலுறை கணுக்காலுக்கு மேல் நிற்கும் அளவு நீளமாக இருக்கவேண்டும். அமரும்போது காற்சட்டை உயர்ந்து வெறுங்கால் தெரியக்கூடாது. கழுத்துப்பட்டை கேட்கும் விடுதியாக இருந்தால் கோடுகளற்ற ஒன்றே போதும்.

முதற்சம்பளம் வந்ததும் பெரும்பாலோர் மற்றுமொரு சட்டை வாங்க விரும்புவர். அப்பணத்தில் வாங்கவேண்டியது சட்டையன்று, இரண்டாவது இணைக் காலணியே. ஒரே காலணியை நாள்தோறும் அணிந்தால் உள்ளே தங்கும் வியர்வை உலர நேரமின்றி, உள்துணி நைந்து நாற்றமெடுக்கும். இரண்டு இருந்தால் ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது நாளிதழ்த் தாள் திணித்து உலர்ந்துகொண்டிருக்கும். அதனால் இரண்டும் கூடுதல் நாட்கள் உழைக்கும்.